அம்மம்மாவை இழந்த ஐந்து வயது மகளுக்கு எந்தக் கதைப் புத்தகத்தை வாசித்துக் காட்டலாம்?

கரையோர_பஸ்

என் மாமியார் மூன்று கிழமைக்கு முன் மாரடைப்பால் காலமாகிவிட்டார். வெள்ளவத்தையில் எங்களோடுதான் இருந்தார். மகளுக்கு ஐந்து வயது. பாடசாலை விட்டு வந்தால் சாப்பாடு, குளிப்பு, நித்திரை எல்லாம் அம்மம்மாவோடுதான். மலர்ச்சாலைக்கு அவளையும் கூட்டிப்போனோம். கனத்தை மயானத்துக்கு மட்டும் கூட்டிப்போகவில்லை. சாம்பலைக் கடலில் கரைத்தபோது கரையில் நின்று பார்த்தாள்.

லண்டனில் இருக்கும் என் மனைவியின் அக்கா ஒரு படப் புத்தகம் அனுப்பியிருந்தார். பெஞ்சி டேவிஸ் எழுதி வரைந்த ‘கிராண்டாட்ஸ் ஐலண்ட்’. தாத்தா வீட்டுக் கூரைக்குக் கீழே இருக்கும் அறையில் ஒரு பெரிய கதவு. அதைத் திறந்தால் கப்பல். தாத்தாவும் பேரன் சிட்டும் அதில் ஏறி ஒரு தீவுக்குப் போகிறார்கள். தாத்தா அங்கேயே தங்கிவிடுகிறார், சிட் தனியாகத் திரும்பி வருகிறான். வாசித்துக்கொண்டு போகையில் எனக்கே தொண்டை அடைத்தது. மகளோ உற்சாகமாகிவிட்டாள். மாமியாரின் ஊர் நயினாதீவு. போன வருடம்தான் குறிகட்டுவானில் வள்ளம் ஏறி எல்லோரும் போய் வந்தோம். இப்போது பாடசாலைப் பைக்குள் இரண்டு சட்டையும் ஒரு பிஸ்கட் பக்கெட்டும் வைத்துக்கொண்டு “வள்ளம் எப்போது?” என்று காலையும் மாலையும் கேட்கிறாள்.

இப்படிக் குழப்பாத, அதே நேரத்தில் பிள்ளையைப் பயமுறுத்தாத புத்தகம் ஏதாவது இருக்கிறதா? ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை, தமிழில் சொல்லிச் சொல்லி வாசிப்பேன்.

மருதானை_குமார்

ஆழ்ந்த அனுதாபங்கள். என் கருத்தை நேராகச் சொல்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சாவு விளங்காது. ஏழு எட்டு வயதுக்குப் பிறகுதான் “இனி வரமாட்டார்” என்பது மண்டைக்குள் இறங்கும். அதுவரைக்கும் இந்தப் புத்தகங்களைக் கண்ணிலேயே காட்டக் கூடாது. அம்மம்மா நட்சத்திரமாகிவிட்டார் என்று சொல்லிவிடுங்கள். பிள்ளை விளையாடுகிறாள், சிரிக்கிறாள் என்றால் அவள் மறந்துவிட்டாள் என்றுதான் அர்த்தம். நாம்தான் கிளறிக்கொண்டிருக்கிறோம்.

அச்சுக்கூட_ஐயா

தம்பி, துக்க வீட்டில் பிள்ளையைக் கொண்டு வாசிப்பிப்பது நல்ல வழக்கம். சிவபுராணம் போதும், ஐந்து வயதில் வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்று நினைவுப் புத்தகம் அடிப்பதாக இருந்தால் இப்போதே எழுத ஆரம்பியுங்கள். முப்பத்தோராம் நாளுக்கு முதல்நாள் ஓடிவந்து “ஐயா, இருநூறு பிரதி” என்று நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்தே எனக்குத் தலை நரைத்தது. நல்ல படம் ஒன்று, ஊர், பிறந்த திகதி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் விபரம், வெண்பா எழுதக் கூடிய ஒருவர். அட்டைக்கு வழுவழுப்பான தாள் வேண்டாம், கை பட்டால் மை ஒட்டும்.

பழைய_கரும்பலகை

கரையோர பஸ், நான் பம்பலப்பிட்டியில் இருக்கிறேன். சின்ன வகுப்புகளில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை தாத்தாவையோ பாட்டியையோ இழந்துவிட்டு வந்து உட்கார்ந்திராத வருடம் எனக்கு நினைவில் இல்லை.

நீங்கள் வாசித்தது மோசமான புத்தகம் அல்ல. 2015இல் வந்தது, படங்கள் கண்ணை விட்டுப் போகாது. ஆனால் தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் தாத்தா இறந்தார் என்று ஓரிடத்திலும் சொல்லாது. அது பெரியவருக்குத் தானாக விளங்கிவிடும், அதனால்தான் உங்கள் தொண்டை அடைத்தது. தாத்தா இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று ஏற்கெனவே திடமாக அறிந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தத் தீவு ஆறுதல் தரும். அதை இன்னும் நிச்சயப்படுத்திக்கொள்ளாத ஐந்து வயதுக்கு அது வெறும் பயணக் கதை. போனவரிடம் நாமும் போகலாமே என்று பிள்ளை நினைப்பதில் பிழை என்ன? அதுவும் கொழும்பில் வளரும் நம்முடைய பிள்ளைகளுக்குப் “போய்விட்டார்” என்றால் ரொறன்ரோவுக்குப் போனவர். தொலைபேசியில் முகம் காட்டுவார், நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து இறங்குவார். உங்கள் மகளோ உண்மையிலேயே வள்ளத்தில் போன ஒரு தீவைக் கண்டவள், கடலில் சாம்பல் கரைத்ததையும் பார்த்தவள். அவள் பை கட்டாமல் இருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

குமார் தம்பி சொன்னதில் பாதி சரி. இறந்தவர் திரும்புவதில்லை, இறந்த உடம்புக்குப் பசியோ வலியோ குளிரோ இல்லை, எல்லா உயிருக்கும் இது ஒருநாள் வரும், இதற்கு ஒரு காரணம் உண்டு: இவை நான்கும் ஒன்றாகப் பிடிபடப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயது ஆகும். ஆனால் விளங்காது என்பதற்காகப் பேசாமல் இருந்தால் பிள்ளை வெற்றிடத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும், அது நாம் சொல்வதைவிடப் பயங்கரமாக இருக்கும். விளையாடுவது மறந்ததற்கு அடையாளம் இல்லை. சின்னப் பிள்ளைகளால் துக்கத்தை ஒரே மூச்சில் தாங்க முடியாது. பத்து நிமிடம் அழுதுவிட்டு, ஐஸ்கிரீம் கேட்டுவிட்டு, பஸ்ஸில் போகையில் திடீரென்று “அம்மம்மாவுக்கு இப்போது யார் மருந்து கொடுப்பது?” என்பார்கள்.

உங்கள் மகளுக்கு நான் எடுத்துக் கொடுப்பது சூசன் வார்லியின் ‘பேட்ஜர்ஸ் பார்ட்டிங் கிஃப்ட்ஸ்’. 1984இல் வந்த பழைய புத்தகம். பேட்ஜர் வயது போன பிராணி, எல்லோருக்கும் உதவி செய்பவர். தான் சீக்கிரம் இறந்துவிடுவார் என்று அவருக்கே தெரியும், அதற்குப் பயப்படவில்லை. சிநேகிதர்கள் கவலைப்படுவார்களே என்பதுதான் அவருக்குக் கவலை. ஓரிரவு இறந்துவிடுகிறார். அடுத்த நாள் நரி எல்லோரிடமும் அதை மறைக்காமல் சொல்கிறது. பனிக்காலம் முழுவதும் துக்கம். வசந்தம் வந்த பிறகு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய், பேட்ஜர் தங்களுக்கு என்ன பழக்கித் தந்தார் என்று பேசிக்கொள்கிறார்கள். மோலுக்குக் காகிதத்தை மடித்துக் கத்தரிக்கோலால் மோல்களின் சங்கிலி வெட்ட, தவளைக்குப் பனிக்கட்டியில் சறுக்க, நரிக்குக் கழுத்துப் பட்டியில் முடிச்சுப் போட, முயலுக்கு இஞ்சி ரொட்டி சுட. போனவர் போய்விட்டார், அவர் பழக்கியது கையில் இருக்கிறது. ஐந்து வயதுக்குப் பிடிபடுகிற ஆறுதல் இதுதான்.

பதுளை_ரயில்

டீச்சர் சொல்லும் புத்தகத்தை நான் மகனுக்கு வாசித்திருக்கிறேன். என் அப்பா ஹாலிஎலவில் இறந்தபோது அவனுக்கு ஆறு வயது. அதில் பேட்ஜர் “நீண்ட சுரங்கப் பாதையில் போகிறேன்” என்று கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போவார். நாங்கள் பதுளை ரயிலிலேயே வளர்ந்தவர்கள். சுரங்கத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் கூச்சல் போடுவோம், அந்தப் பக்கம் வெளிச்சம் வரும், தேயிலை மலை வரும். மகன் உடனே கேட்டான், “தாத்தாவின் சுரங்கம் எந்த ஸ்டேஷனில் முடிகிறது?” உங்கள் மகளுக்கு வள்ளம் என்றால் என் மகனுக்கு ரயில். எல்லாப் புத்தகத்திலும் ஏதாவது ஒரு வாகனம் வந்து நின்றுவிடுகிறது.

கொட்டாஞ்சேனை_அந்தோனி

எங்கள் கதை வேறு. என் தாயார் இறந்தபோது, “நல்லவர்களை ஆண்டவர் சீக்கிரம் அழைத்துக்கொள்கிறார்” என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். மகனுக்கு அப்போது ஐந்தரை வயது. இரண்டு நாள் கழித்துத் தட்டை எறிகிறான், தங்கச்சியைக் கிள்ளுகிறான். அதட்டிக் கேட்டபோது சொன்னான், “நான் நல்ல பிள்ளையாக இருந்தால் இயேசு என்னையும் கூப்பிட்டுவிடுவார்.” எங்கள் விசுவாசத்தை நான் விடப் போவதில்லை, ஆனால் அந்த வாசகத்தை வீட்டில் நிறுத்திவிட்டேன்.

டீச்சர், பேட்ஜர் இறந்த பிறகு எங்கே போகிறார் என்று அந்தப் புத்தகம் சொல்கிறதா? மோட்சம் பற்றி ஒன்றும் இல்லை என்றால் எங்கள் வீட்டில் அது குறையாகத்தான் தெரியும்.

பழைய_கரும்பலகை

அந்தோனி, சொல்லவில்லை. உடம்பை விட்டுப் போவதுதான் இறப்பு என்கிற அளவோடு நிறுத்திவிடுகிறது. மிச்சத்தை அந்தந்த வீடு நிரப்பிக்கொள்ளலாம். என் பழக்கம் முதலில் உடம்பைச் சொல்வது, பிறகு நம்பிக்கையைச் சொல்வது. “அப்பம்மாவின் இருதயம் நின்றுவிட்டது, அவர் இறந்துவிட்டார். அவருடைய ஆன்மா ஆண்டவரிடம் இருக்கிறது என்று நாங்கள் நம்புகிறோம்.” இரண்டையும் ஒரே வாக்கியமாக்கி ஆண்டவரையே சாவுக்குக் காரணமாக்கினால் உங்கள் மகன் கேட்ட கேள்விதான் வரும்.

பதுளைத் தம்பி காட்டிய இடம் முக்கியமானது. அந்தப் பக்கத்தை நானும் வாய் நிறுத்தாமல் கடப்பதில்லை. பேட்ஜர் இராச்சாப்பாடு முடித்து, கடிதம் எழுதி, நெருப்புக்குப் பக்கத்தில் ஆடும் நாற்காலியில் கண்ணயர்கிறார். கனவில் கைத்தடி இல்லாமல் சுரங்கத்துக்குள் ஓடுகிறார். அழகான பக்கம்தான். ஆனால் அதில் இரண்டு பொறி இருக்கின்றன. சுரங்கம் ஒன்று. மற்றது அதைவிட மோசம்: நித்திரை கொண்டவர் எழும்பவில்லை. இதைக் கேட்ட பிள்ளை அன்றிரவு படுக்க மறுக்கும், அல்லது நள்ளிரவில் வந்து உங்கள் கண்ணிமையைத் தூக்கிப் பார்க்கும்.

கரையோர பஸ், வாசிக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். முதலில் நீங்கள் தனியாக, வாய்விட்டு, தமிழில் ஒரு தடவை வாசியுங்கள். ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டு அந்த இடத்திலேயே தமிழாக்கினால் தடுமாறுகிற இடமெல்லாம் சாவு வருகிற இடமாகத்தான் இருக்கும், அந்தத் தடுமாற்றம் பிள்ளைக்குக் கேட்கும். அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு மூன்று வரி தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள். பேட்ஜர், மோல் என்பவற்றைப் பெயராகவே வைத்துக்கொள்ளுங்கள், விலங்கியல் பாடம் வேண்டாம். படுக்கப் போகும் நேரத்தில் இந்தப் புத்தகம் வேண்டவே வேண்டாம். பின்னேரம் தேநீருக்குப் பிறகு, வெளிச்சம் இருக்கும்போது, முடிந்ததும் ஓடி விளையாட நேரம் இருக்கும்படி எடுங்கள்.

சுரங்கப் பக்கத்தில் இப்படிச் சொல்லலாம்: “பேட்ஜர் கனவு காண்கிறார். அதற்குப் பிறகு அவருடைய உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. நித்திரை என்பது வேறு. நாம் நித்திரை கொள்ளும்போதும் உடம்பு வேலை செய்துகொண்டே இருக்கும்.” அவளுடைய கையை எடுத்து அவளுடைய நெஞ்சிலேயே வையுங்கள். துடிப்பைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நரி செய்தி சொல்லும் பக்கத்தில் “பேட்ஜர் இறந்துவிட்டார்” என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள், குரலைத் தாழ்த்தி மர்மமாக்க வேண்டாம். அழுகை வந்தால் அழுங்கள், ஏன் அழுகிறீர்கள் என்றும் சொல்லிவிடுங்கள். காரணம் சொல்லாத அழுகைதான் பிள்ளையைப் பயமுறுத்தும்.

அவள் புத்தகத்தை மூடினால் மூடியதுதான். கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு நீங்களாகக் கூப்பிடாதீர்கள். அவள் அதை ஒளித்து வைத்தால் இன்னும் நேரம் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நிஸா_தெஹிவளை

என் மூத்தவனுக்கு ஒன்பது வயது. உம்மும்மா மௌத்தானபோது பேட்ஜரை வாசித்தேன். “இது சின்னப் பிள்ளைகளின் கதை, மிருகங்கள் கடிதம் எழுதாது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்குப் பிடித்தது ‘லைஃப்டைம்ஸ்’, பிரையன் மெல்லோனி எழுதி ராபர்ட் இங்பென் படம் வரைந்த 1983ஆம் ஆண்டுப் புத்தகம். கதையே கிடையாது. செடிக்கு, பூச்சிக்கு, பறவைக்கு, மனிதருக்கு என்று எல்லாவற்றுக்கும் தொடக்கமும் முடிவும் இடையில் ஓர் ஆயுளும் உண்டு என்று அமைதியாகச் சொல்லிக்கொண்டு போகும். மரத்துக்கு எத்தனை வருடம், வண்ணத்துப்பூச்சிக்கு எத்தனை கிழமை என்று கேட்டுக் கேட்டு அவனே உம்மும்மாவின் வயதுக்கு வந்து சேர்ந்தான். ஐந்து வயதுக்கு அது வறட்சியாக இருக்கலாம்.

மருதானை_குமார்

டீச்சர், மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். “உடம்பு நின்றுவிட்டது” என்று சொன்னால் பிள்ளை அடுத்ததாக “அம்மா, உங்கள் உடம்பும் நிற்குமா?” என்று கேட்காதா? அதற்கு என்ன பதில்? நட்சத்திரம் என்றால் இந்த வம்பே இல்லை.

பழைய_கரும்பலகை

கேட்கும். கேட்க வேண்டும். “எல்லோரும் ஒருநாள் இறப்பார்கள், ஆனால் நான் நீண்ட காலம் உன்னோடு இருக்கத்தான் நினைத்திருக்கிறேன், உன்னைப் பார்த்துக்கொள்ள அப்பாவும் சித்தியும் இருக்கிறார்கள்” என்பதுதான் என் பதில். பிள்ளை அங்கே தத்துவம் கேட்பதில்லை, நாளைக்குப் பாடசாலை வாசலில் யார் நிற்பார் என்று கேட்கிறது. “நான் சாகவே மாட்டேன்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நட்சத்திரம் சொன்ன வீடுகளில் மழைக்கால இரவில் என்ன சொல்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கரையோர_பஸ்

எல்லோருக்கும் நன்றி. பேட்ஜர் புத்தகத்தை மனைவியின் சிநேகிதி ஒருவர் இரவல் தந்தார். என் அம்மா தடுத்தார்: துடக்கு வீட்டில் சாவுக் கதை வாசிப்பதா, முப்பத்தொன்று முடியட்டும் என்றார். அவரோடு வாதாடவில்லை. அவர் கோயிலுக்குப் போன ஞாயிறு பின்னேரம் பால்கனியில் உட்கார்ந்து வாசித்தேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். சுரங்கப் பக்கத்தில் டீச்சர் சொன்னபடி கையை நெஞ்சில் வைத்தோம். அவள் தன்னுடையதைப் பார்த்துவிட்டு என்னுடையதையும் பார்த்தாள், பிறகு கரடிப் பொம்மையினுடையதையும். “இதற்கு இல்லை” என்றாள். அடுத்து, மோல் படுக்கையில் அழுது போர்வையெல்லாம் நனைந்துவிடும் இடம். “மோல் படுக்கையில் மூத்திரம் போய்விட்டான்!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணீர் என்று திருத்தினேன், கேட்கவில்லை. அந்தப் பக்கத்தையே மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். தவளையின் சறுக்கல் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை, ஐஸ் என்றால் அவளுக்குக் குளிர்சாதனப் பெட்டிதான்.

கடைசியில் “அம்மம்மா உனக்கு என்ன பழக்கித் தந்தார்?” என்றேன். “ஒன்றும் இல்லை, என்னை ஏசினார்” என்று எழுந்து போய்விட்டாள். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

ஆனால் மறுநாள் இரவு மனைவி புட்டு அவிக்கும்போது மகள் முக்காலியை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். “தேங்காய்ப்பூ நான்தான் போட வேண்டும். அம்மம்மா எனக்குத்தான் சொல்லித் தந்தார்.” முதலில் அடியில் தேங்காய்ப்பூ, பிறகு மா, பிறகு திரும்பவும் தேங்காய்ப்பூ. மனைவி மாவைக் குழலுக்குள் அமுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். “அமுக்கக் கூடாது, புட்டு கல்லாகிவிடும். ஆவி போக இடம் விட வேண்டும்.” என் மனைவிக்கு அவருடைய தாயார் இதைச் சொல்லித் தந்ததே இல்லையாம். மனைவி அழுதார். மகள் தேங்காய்ப்பூவைச் சிந்திக்கொண்டே போட்டுக்கொண்டிருந்தாள்.

வள்ளம் பற்றிய கேள்வி இன்னும் நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. நேற்று வேறொன்று வந்தது. அவளே புத்தகத்தை எடுத்துவந்தாள். “பேட்ஜர் வயது போனவர்” என்கிற பக்கத்தில் நிறுத்தி, “நான் அம்மம்மாவின் மருந்துப் பெட்டியை எடுத்து விளையாடினேன்” என்றாள். அவ்வளவுதான், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சீச்சி, அதனால் ஒன்றும் இல்லை” என்று சொல்லி அணைத்துக்கொண்டேன். இது போதுமா?

பழைய_கரும்பலகை

நல்லது. ஆனால் இன்னொரு தடவை உட்கார வேண்டும். அவள் இந்த மூன்று கிழமையும் அதைச் சுமந்திருக்கிறாள். தான் செய்ததும் நினைத்ததும்தான் உலகத்தில் எல்லாவற்றையும் நடத்துகிறது என்று இந்த வயதில் பிள்ளைகள் நம்புவார்கள். கோபத்தில் “அம்மம்மா கூடாதவர்” என்று மனதுக்குள் சொன்னதும் இதில் அடக்கம். உங்கள் கேள்விக்கு “ஒன்றும் இல்லை, ஏசினார்” என்று அவள் ஓடியதும் இதனோடு சேர்ந்ததாக இருக்கலாம். புத்தகம் அவளுக்குப் பதில் சொல்லவில்லை, கேட்கிறதற்கு ஓர் இடம் கொடுத்தது, அவ்வளவுதான்.

முதலில், அந்தப் பெட்டியை எடுத்து என்ன செய்தாள் என்று கேட்டு முழுவதையும் சொல்ல விடுங்கள். இடையில் “இல்லை இல்லை” என்று போகாதீர்கள், அவசரமாக மறுத்தால் பெரியவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள். பெட்டியில் மருந்து இருந்ததா?

கரையோர_பஸ்

இல்லை. அது பழைய வெற்றுப் பெட்டி, ஏழு நாளுக்கும் ஏழு மூடி உள்ளது. அவளுக்கு விளையாட அம்மம்மாவே கொடுத்தது. மருந்தை எப்போதும் மனைவிதான் எடுத்துக்கொடுப்பார்.

பழைய_கரும்பலகை

அப்படியானால் அதையே சொல்லுங்கள். பெட்டியைக் கையில் எடுத்துக் காட்டி, “இதில் மருந்து இல்லை, இதை உனக்குத் தந்தவர் அம்மம்மா. அவருடைய இருதயத்துக்கு இரத்தம் போகும் குழாய் அடைபட்டது. டொக்டர்கள் முயன்றார்கள், முடியவில்லை. நீ செய்ததாலோ நினைத்ததாலோ இது நடக்கவில்லை.” பிறகு பேட்ஜர் பக்கத்துக்குப் போய், அவரை யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று ஒரு வரி. அடுத்த கிழமை இதையே அவள் திரும்பவும் கேட்பாள், அதே சொற்களில் அதே பதிலைக் கொடுங்கள்.

இனிமேல் “அம்மம்மா என்ன பழக்கித் தந்தார்?” என்று பரீட்சை வைக்க வேண்டாம். உங்களுக்கு அவர் பழக்கியதை நீங்கள் சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

இன்னொன்று. கிழமைக்கணக்காகச் சாப்பிடாமல், படுக்காமல், பாடசாலைக்குப் போகாமல் இருந்தாலோ, “நானும் அம்மம்மாவிடம் போக வேண்டும்” என்று வள்ளக் கதைக்கு அப்பால் உறுதியாகச் சொன்னாலோ, புத்தகங்களை வைத்துவிட்டு டொக்டரிடம் போங்கள். பொரளையில் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பிள்ளைகளின் மனநலத்தைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இப்போதைக்கு அந்த அவசரம் தெரியவில்லை.

அச்சுக்கூட_ஐயா

தம்பி, நான் முதலில் எழுதியது வேறு திசையில் போய்விட்டது, பரவாயில்லை. புட்டுக் கதையை வாசித்த பிறகு ஒரு யோசனை. கல்வெட்டில் பேரப்பிள்ளைகள் என்று பெயர் மட்டும் போடுகிறோம். நடுவில் ஒரு பக்கத்தைப் பிள்ளைக்கு விட்டுவிடுங்கள். அவள் குழலையும் தேங்காய்ப்பூவையும் கீறட்டும், கீழே அவள் சொன்னதை அவள் சொன்னபடியே போடலாம். கறுப்பு மை, தடித்த கோடு, பென்சில் வேண்டாம், அச்சில் வராது. அடுத்த வியாழனுக்குள் கொண்டுவந்தால் சேர்த்துவிடலாம். அவளுக்கென்று ஒரு பிரதியைக் கெட்டி அட்டை போட்டுக் கட்டித்தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம்.

மருதானை_குமார்

ஐயாவின் யோசனை நல்லது. நட்சத்திர விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

கரையோர_பஸ்

ஐயா, என் அம்மா கல்வெட்டில் தேவாரமும் வெண்பாவும் மட்டும்தான் இருக்க வேண்டும் என்கிறார். “புட்டுக் குழல் படம் போட்டால் சனம் சிரிக்கும்” என்கிறார். மனைவி போட வேண்டும் என்கிறார். இறந்தது அவருடைய தாயார் என்பதால் கடைசிச் சொல் அவருடையதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மகள் இதற்குள் நான்கு படம் கீறிவிட்டாள். ஒன்றில் வள்ளம் இருக்கிறது.

பதுளை_ரயில்

வள்ளத்தையும் போடுங்கள். என் மகனுக்கு இப்போது பத்து வயது. சுரங்கம் வந்தால் இன்றைக்கும் “தாத்தா!” என்று கத்துகிறான், தாத்தா அங்கே இல்லை என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். டீச்சர் இதை ஒப்புக்கொள்வாரோ தெரியாது.

பழைய_கரும்பலகை

தெரிந்துகொண்டு கத்துகிறான் என்றால் எனக்கென்ன ஆட்சேபணை!

கொட்டாஞ்சேனை_அந்தோனி

பேட்ஜர் புத்தகம் இப்போது யாரிடம் இருக்கிறது? என் இளையவளுக்கு நான்கரை வயது, அவளும் அப்பம்மாவைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டாள். புதிதாக வாங்குவதென்றால் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். விலையைக் கேட்டதும் திரும்பிவிட்டேன்.

கரையோர_பஸ்

என்னிடம்தான் இருக்கிறது. புத்தகக்காரியிடம் கேட்டுவிட்டேன், தரலாம் என்றார். அந்தியேட்டி முடிந்த சனிக்கிழமை வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில் சந்திக்கலாமா? பக்கங்களில் நான் தமிழில் எழுதி ஒட்டிய சின்னத் தாள்கள் இருக்கின்றன, அவற்றைக் கழற்ற வேண்டாம். சுரங்கப் பக்கத்தில் இரண்டு தாள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும், மேலே இருப்பதை வாசியுங்கள். “அம்மம்மா” என்று வருகிற இடத்தில் “அப்பம்மா” என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனை_அந்தோனி

சரி. காலை பத்து மணிக்கு வருகிறேன். மோலின் போர்வைப் பக்கத்துக்கு என்ன எழுதி ஒட்டியிருக்கிறீர்கள்?

கரையோர_பஸ்

“கண்ணீர்” என்றுதான். அவள் அதன் மேல் பேனையால் கோடு போட்டுவிட்டாள்.